பன்னிரண்டு தலைப்புகள் வந்தன, ஸ்லைடுகள் வரவில்லை

கேள்வி: ஐயா, வணக்கம். நான் எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் ஒன்றியத்தில் சில ஊர்களின் கிணற்று நீரில் ஃப்ளோரைடு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்ததுதான் என் ப்ராஜெக்ட். அடுத்த வியாழக்கிழமை ஊராட்சித் தலைவர்கள், குடிநீர் வடிகால் வாரியப் பொறியாளர்கள் முன்னால் 15 நிமிடம் தமிழில் பேச வேண்டும். படங்கள் நிறைய இருப்பதால் ஃபைல் மெயிலில் போகவில்லை. அதனால் பவர்பாயிண்டில் இடது பக்கம் வரும் எழுத்துகள் முழுவதையும் காப்பி செய்து கீழே ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு ஸ்லைடாகப் பார்த்து என்ன குறை என்று சொல்லுங்கள். கைடுக்கும் இதையேதான் அனுப்பினேன். "நல்லா இருக்கும்மா" என்றார்.

1. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு: ஓர் ஆய்வு
2. அறிமுகம்
3. நோக்கம்
4. ஆய்வுப் பகுதி
5. செய்முறை
6. முடிவுகள்
7. முடிவுகள் (தொடர்ச்சி)
8. முடிவுகள் (தொடர்ச்சி)
9. பல்லில் கறை
10. விவாதம்
11. பரிந்துரைகள்
12. நன்றி

– வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: நீங்கள் ஒட்டியதில் என் கைக்கு வந்தது இந்தப் பன்னிரண்டு வரிகள் மட்டுந்தான். ஒரு எண் இல்லை, வரைபடம் இல்லை, ஊர்ப் பெயர்கூட இல்லை. அனுப்பும்போது நீங்கள் இதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். உங்கள் திரையில் எல்லாம் முழுசாக இருக்கிறது, அதனால் ஒட்டியதிலும் இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

உங்கள் கைடு சொன்னதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்கள் ஆய்வு அவருக்குத் தெரியும். "முடிவுகள்" என்ற சொல்லைப் பார்த்ததும் நீங்கள் போன மாதம் காட்டிய அட்டவணை அவர் நினைவுக்கு வந்திருக்கும். அவர் நன்றாக இருக்கிறது என்றது அந்த அட்டவணையைத்தான், ஸ்லைடை அல்ல. எனக்கு அப்படி நினைவில் எதுவும் இல்லை. ஆனால் எனக்கும் ஒரு ஆபத்து உண்டு. நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டு வேலை பார்த்தவன் என்பதால் இதே தலைப்பில் எத்தனையோ மாணவர்களின் ஸ்லைடுகளைப் பார்த்திருக்கிறேன். "முடிவுகள்" என்றதும் முப்பது வரி அட்டவணையைப் பொடி எழுத்தில் போட்டிருப்பீர்கள் என்று மனசு தானாகவே கற்பனை செய்கிறது. அதை நம்பி "அட்டவணையைக் குறையுங்கள்" என்று எழுதிவிட்டால், நீங்கள் போடாத அட்டவணைக்கு நான் குறை சொன்னதாகிவிடும். இதே வரிகளை வேறு யாருக்காவது அனுப்பி அவர்கள் உள்ளடக்கம் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால், புகழ்ச்சியோ குறையோ, அதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள்.

ஏன் இப்படி ஆயிற்று என்பதை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் அடுத்த முறையும் இதுவே நடக்கும். பவர்பாயிண்டில் `View > Outline View` போனால் இடது பக்கம் எழுத்துகள் வரிசையாக வரும். நீங்கள் காப்பி செய்தது அதைத்தான். ஸ்லைடில் இருக்கும் எல்லா எழுத்தும் அங்கே வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. புது ஸ்லைடு திறந்ததும் `Click to add title`, `Click to add text` என்று சொல்லிக்கொண்டு நிற்கும் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெட்டிகளுக்குள் தட்டச்சு செய்தது மட்டுமே அவுட்லைனுக்கு வரும். `Insert > Text Box` மூலம் நீங்களே வரைந்துகொண்ட பெட்டியில் எழுதியது வராது. அட்டவணை, சார்ட், படம், ஸ்மார்ட் ஆர்ட், அம்புக்குறிக்குள் எழுதிய சொல், எக்செல்லிலிருந்து படமாக ஒட்டியது, இவை எதுவுமே வராது.

உங்கள் தலைப்புகள் பன்னிரண்டும் ஒழுங்காக வந்திருப்பதால், தலைப்பை மட்டும் அதற்கான பெட்டியில் எழுதிவிட்டு, மற்றதையெல்லாம் தனியாக வரைந்த பெட்டிகளில் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சரிபார்க்க ஒரு வழி உண்டு. எழுத்து நிறைய உள்ள ஒரு ஸ்லைடுக்குப் போய் `Home > Layout` திறந்து `Title and Content` என்பதைத் தேர்வு செய்யுங்கள். உங்கள் எழுத்துகள் இருந்த இடத்திலேயே இருந்து, அவற்றுக்குப் பின்னால் `Click to add text` என்று ஒரு காலிப் பெட்டி புதிதாக முளைத்தால் நான் சொன்னதுதான் காரணம். எழுத்தை வெட்டி அந்தப் பெட்டியில் ஒட்டிவிட்டால் அடுத்த நிமிடமே அவுட்லைனில் தெரியும். காலிப் பெட்டி வரவில்லை என்றால் ஒருவேளை அவுட்லைன் சுருங்கிக் கிடந்திருக்கலாம். அதில் ரைட் கிளிக் செய்து `Expand > Expand All` கொடுத்துப் பாருங்கள்.

இதற்காகப் பன்னிரண்டு ஸ்லைடையும் பிரித்துப் போட்டு உட்கார வேண்டாம். எழுத்து மட்டுமே உள்ள ஸ்லைடுகளை மாற்றினால் போதும். சார்ட்டும் படமும் எப்படி இருந்தாலும் அவுட்லைனுக்கு வரப்போவதில்லை. அதனால் கருத்து கேட்க அவுட்லைனை அனுப்புவதே சரியான வழி அல்ல. எப்படி அனுப்புவது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இனி, வந்ததை வைத்து என்ன சொல்ல முடியும் என்று பார்ப்போம். நிறையவே சொல்ல முடிகிறது, அதுதான் இதில் வேடிக்கை.

இந்தப் பன்னிரண்டு வரிகளில் உங்கள் ஆய்வுக்கு மட்டுமே சொந்தமான தலைப்புகள் இரண்டு: முதலாவதும் ஒன்பதாவதும். மற்ற பத்தையும் அப்படியே எடுத்துப் போய்க் கொசு ஒழிப்பு பற்றியோ கோழிப் பண்ணை பற்றியோ பேசுகிறவருக்குக் கொடுத்தாலும் பொருந்தும். கல்லூரியில் ஆய்வறிக்கைக்கு அத்தியாயம் பிரிக்கச் சொல்லிக்கொடுத்த வரிசை இது. அறிக்கைக்கு அது சரி. அதைப் படிப்பவர் முன்னும் பின்னும் புரட்டித் தேடுவார், அவருக்கு "செய்முறை" எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஊராட்சித் தலைவர் புரட்டப் போவதில்லை. ஒரு ஸ்லைடு ஒரு நிமிடம் அவர் கண் முன்னால் நிற்கும், போய்விடும். அந்த ஒரு நிமிடத்தில் மிகப் பெரிய எழுத்தில் இருக்கும் வரி "முடிவுகள் (தொடர்ச்சி)" என்றால், எந்த முடிவு, எதன் தொடர்ச்சி என்பதை அவரேதான் தேட வேண்டும்.

தலைப்பில் ஒரு சொல்லுக்குப் பதிலாக ஒரு முழு வாக்கியம், அந்த வாக்கியத்துக்கு ஆதாரமான ஒரு படமோ சார்ட்டோ கீழே. அறிவியல் உரைகளுக்கு இந்த முறையை அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஆலி நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார். எல்லா வகை உரைக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். வகுப்பில் பாடம் நடத்தும்போது ஒற்றைச் சொல் தலைப்பே வசதி. ஆனால் 15 நிமிடத்தில், துறைக்கு வெளியே உள்ளவர்களிடம், ஒரு முடிவு எடுக்கச் சொல்லிக் கேட்கும் உரைக்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது.

உங்கள் ஆறு, ஏழு, எட்டாம் ஸ்லைடுகளை எடுத்துக்கொண்டு செய்தே பார்க்கிறேன். உங்கள் எண்கள் என்னிடம் இல்லை, அதனால் கோடு போட்டு விடுகிறேன்.

ஆறாவது: "நாங்கள் பார்த்த ____ ஆழ்துளைக் கிணறுகளில் ____ கிணறுகளில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டுகிறது."

ஏழாவது: "அதே ஊர்களின் திறந்த கிணறுகளில் அளவு ____."

எட்டாவது: "மழைக்குப் பின் எடுத்த மாதிரிகளில் அளவு ____."

இந்தக் கோடுகளை நிரப்பிப் பாருங்கள். ஆறாவதை நொடியில் நிரப்பிவிடுவீர்கள். ஏழாவதில் கொஞ்சம் தயங்கலாம். தருமபுரிப் பக்கத்துக் கருங்கல், நைஸ் பாறைகளில் உள்ள தாதுக்களிலிருந்து ஃப்ளோரைடு மெல்லக் கரைந்து நீரில் சேர்கிறது. பாறையோடு அதிக காலம் கிடந்த நீரில், கால்சியம் குறைந்து சோடியம் பைகார்பனேட் கூடிய நீரில், அது அதிகமாக இருக்கும். அதனால் ஆழத்து நீரில் கூடுதலாகவும் மேல்மட்டக் கிணற்றில் குறைவாகவும் இருப்பது பல இடங்களில் காணப்படுவதுதான். ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. உங்கள் ஊர்களில் எப்படி என்பதை உங்கள் எண்கள்தான் சொல்ல வேண்டும். திறந்த கிணறு மூன்றே மூன்றுதான் பார்த்தீர்கள் என்றால் அந்த வாக்கியத்தை எழுதவே கூடாது. எட்டாவது கோட்டை நிரப்ப ஒன்றுமே இல்லை என்றால், மழைக்கு முன்னும் பின்னும் நீங்கள் மாதிரி எடுக்கவில்லை என்றால், அந்த ஸ்லைடில் இப்போது என்னதான் இருக்கிறது? ஆறாவதில் இடம் போதாமல் வழிந்த மிச்சமாக இருந்தால் அதை எடுத்துவிடலாம். வாக்கியமாக எழுத முடியாத ஸ்லைடில் சொல்வதற்கு விஷயம் இல்லை என்பது என் அனுபவம். "தொடர்ச்சி" என்ற தலைப்பு இதை மறைத்துவிடுகிறது.

ஆறாவது வாக்கியத்தில் 1.5 என்று போட்டேன், அதற்கும் ஒரு காரணம் உண்டு. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 10500, ஃப்ளோரைடுக்கு இரண்டு எண் சொல்கிறது. ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மி.கி.; வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் 1.5-தான். எந்தக் கோட்டைப் பிடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து "தாண்டுகிறது" என்ற கிணறுகளின் எண்ணிக்கை கணிசமாக மாறும். வாரியப் பொறியாளர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாக இருக்கலாம். 1.2 உள்ள கிணற்றைப் பாதுகாப்பானது என்று எண்ணியிருக்கிறீர்களா, இல்லையா? தலைப்பிலேயே எண் இருந்தால் அந்தக் கேள்விக்கு வேலையே இல்லை.

தமிழில் முழு வாக்கியம் எழுதினால் நீளும், வினைச்சொல் கடைசியில்தான் வரும். இரண்டு வரியைத் தாண்ட விடாதீர்கள். தாண்டினால் எழுத்தைச் சிறிதாக்க வேண்டாம், வாக்கியத்தை வெட்டுங்கள். "நாங்கள் பார்த்த" என்பதை எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இனி ஒன்பதாவது. "பல்லில் கறை". உங்கள் கூட்டத்தில் எல்லாரும் நிமிர்ந்து உட்காரப் போகும் ஸ்லைடு இதுதான். ஊர்ப் பிள்ளைகளின் பல்லைத் தினமும் பார்க்கிறவர்கள் அவர்கள். இந்த ஸ்லைடில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கருத்து சொல்வது எனக்கு மிகவும் சங்கடமாக இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்த்துக் கணக்கெடுத்தீர்களா, அல்லது புத்தகத்துப் படம் ஒன்றைப் போட்டிருக்கிறீர்களா? முன்னது என்றால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது.

பல்லில் தெரியும் கறை இன்றைய தண்ணீரைக் காட்டுவதில்லை. நிரந்தரப் பற்களின் எனாமல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், அதாவது பிறந்ததிலிருந்து ஏறக்குறைய எட்டு வயது வரை, அந்தப் பிள்ளை குடித்த நீரின் விளைவு அது. இன்று 14 வயதாகும் பிள்ளையின் முன்பல் கறைக்குக் காரணம் பத்து ஆண்டுக்கு முந்தைய தண்ணீர். நீங்கள் பரிசோதித்தது இந்த ஆண்டுத் தண்ணீர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "அதிக ஃப்ளோரைடு, அதிகக் கறை" என்று காட்டினால், கேட்பவர் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்றே எடுத்துக்கொள்வார். இடையில் கிணறு மாறியிருக்கலாம், குடும்பம் இடம் பெயர்ந்திருக்கலாம், குழாய்த் தண்ணீர் வந்திருக்கலாம். "இந்தக் கறை சிறு வயதில் குடித்த நீரின் அடையாளம்" என்று தலைப்பிலேயே எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் போய்விடும், உங்கள் பேச்சுக்கும் பலம் கூடும். இன்று அந்த ஊரில் மூன்று வயதில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றி அடுத்த ஸ்லைடில் பேசலாம்.

பிள்ளைகளின் புகைப்படம் போட்டிருந்தால் பெற்றோரின் சம்மதம் வேண்டும், முகம் தெரியக் கூடாது. இதைச் செய்திருப்பீர்கள். ஆனால் பவர்பாயிண்டில் முகத்தை `Crop` செய்தால் அது திரையில்தான் மறைகிறது. ஃபைலுக்குள் முழுப் படமும் அப்படியே இருக்கும், ஃபைலை வாங்குகிறவர் யாராக இருந்தாலும் கிராப்பை விலக்கி முகத்தைப் பார்த்துவிடலாம். படத்தைச் சொடுக்கி `Picture Format > Compress Pictures` போங்கள். `Apply only to this picture` என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு, `Delete cropped areas of pictures` என்பதில் டிக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதே பெட்டியில் `Web (150 ppi)` தேர்ந்தெடுத்தால், போனில் எடுத்த பெரிய பெரிய படங்கள் சுருங்கி, மெயிலில் போகாமல் அடம்பிடித்த ஃபைலும் இளைத்துவிடும். ஜிமெயில் 25 எம்.பி. வரை ஏற்கும். பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். ஒரிஜினலை ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள், வெட்டிய பகுதி திரும்ப வராது.

வரிசையைப் பற்றி ஒரு கவலை. பரிந்துரைகள் பதினொன்றாவது இடத்தில் இருக்கின்றன. 15 நிமிடம் என்று சொல்லியிருந்தாலும், இப்படிப்பட்ட கூட்டங்களில் உங்களுக்கு முன்னால் பேசுகிறவர் நேரத்தைச் சாப்பிட்டுவிடுவார். "கொஞ்சம் சீக்கிரம் முடிங்கம்மா" என்று ஒருவர் சைகை காட்டுவார். அப்போது நீங்கள் ஏழாவது ஸ்லைடில் இருப்பீர்கள். ஊர்க்காரர்கள் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் சொல்லப்படாமல் போய்விடும். அறிமுகம், நோக்கம், ஆய்வுப் பகுதி ஆகிய மூன்றையும் ஒன்றாக்கி, எந்த எந்த ஊர் என்று காட்டும் ஒரே வரைபடமாகப் போடுங்கள். செய்முறைக்கு ஒரு நிமிடம் போதும். மாதிரி எப்போது எடுத்தீர்கள், அயனி மின்முனையால் அளந்தீர்களா நிறமானி முறையிலா, அவ்வளவுதான். பொறியாளர்கள் அதற்கு மேல் கேட்டால் பதில் சொல்லிக்கொள்ளலாம். "விவாதம்" என்ற தலைப்பில் என்ன இருக்கிறது என்று என்னால் ஊகிக்கவே முடியவில்லை. முடிவுகளுக்கான விளக்கம் என்றால் அது அந்தந்த முடிவு ஸ்லைடிலேயே இருக்கட்டும்.

இந்தப் பன்னிரண்டில் இல்லாத ஒன்றும் கண்ணில் படுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஃப்ளோரைடு பிரச்சினைக்காகவே ஜப்பானியக் கடனுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-லேயே தொடங்கிவைக்கப்பட்டது. கூட்டத்தில் ஒருவராவது எழுந்து "எங்களுக்குத்தான் ஒகேனக்கல் தண்ணி வருதே, அப்புறம் எதுக்குப் போரைப் பத்திப் பேசுறீங்க?" என்று கேட்பார். கேள்வி நியாயமானது. குழாய்த் தண்ணீர் வரும் ஊரில் போர்த் தண்ணீரைக் குடிக்கிறார்களா, எப்போது, ஏன்? தண்ணீர் வராத நாட்களிலா, சமையலுக்கா, தோட்டத்து வீடுகளிலா? நீங்கள் ஊர் ஊராகப் போனவர் என்பதால் இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இது உள்ளடக்கத்தில் ஏதோ ஒரு மூலையில் இருக்கிறதோ என்னவோ, எனக்கு வந்த தலைப்புகளில் அதன் சாயல்கூட இல்லை. இருந்தால் மேலே கொண்டுவாருங்கள். இல்லையென்றால் இந்த ஒரு வாரத்தில் நீங்கள் தேட வேண்டியது இதைத்தான்.

பரிந்துரைகளில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று தெரியாமலே ஒரு முன்னெச்சரிக்கை. "காய்ச்சிக் குடியுங்கள்" என்று எங்காவது இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். கிருமிக்குக் காய்ச்சலாம். ஃப்ளோரைடு கொதித்து வெளியேறாது, நீர் ஆவியாகி வற்ற வற்ற மிச்ச நீரில் அதன் அளவு கூடத்தான் செய்யும். உங்களைப் போன்ற ஒருவர் இதைத் தவறாக எழுத மாட்டீர்கள் என்று நம்புகிறேன், ஆனால் பொதுவான குடிநீர் அறிவுரைகளிலிருந்து எடுத்து ஒட்டும்போது இந்த வரி எப்படியோ நுழைந்துவிடுகிறது.

தலைப்புகளை வைத்துச் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். சார்ட்டின் அச்சுகளில் அலகு இருக்கிறதா, வரைபடத்தில் ஊர்ப் பெயர் கடைசி வரிசைக்குத் தெரியுமா, தலைப்பில் சொன்னதைக் கீழே உள்ள எண் தாங்குகிறதா, சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவருக்கு உங்கள் நிறக்குறியீடு புரியுமா என்பதையெல்லாம் ஸ்லைடைப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

ஆகவே மறுபடி அனுப்புங்கள், இந்த முறை பி.டி.எஃப். ஆக. `File > Export > Create PDF/XPS` போய், சேமிக்கும் முன் `Options` பொத்தானைத் திறங்கள். `Publish what` என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் `Notes pages` தேர்ந்தெடுத்தால் மேலே ஸ்லைடும் கீழே நீங்கள் நோட்ஸில் எழுதி வைத்திருக்கும் பேச்சும் ஒரே பக்கத்தில் வரும். கருத்து சொல்கிறவருக்கு இதைவிட உதவியானது இல்லை. எது திரையில், எது வாயில் என்று அப்போதுதான் தெரியும். நோட்ஸ் எழுதவில்லை என்றால் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் இரண்டு வரியாவது எழுதுங்கள். கவனம், அதே பட்டியலில் `Outline view` என்றும் ஒன்று இருக்கிறது. கை தவறி அதைத் தொட்டால், பி.டி.எஃப். அழகாக வரும், உள்ளே மறுபடியும் இந்தப் பன்னிரண்டு தலைப்புகள்தான் இருக்கும்.

பி.டி.எஃப். அனுப்பச் சொல்வதற்கு எழுத்துருவும் ஒரு காரணம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால், அது இல்லாத கணினியில் பவர்பாயிண்ட் ஃபைலைத் திறக்கும்போது தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். பி.டி.எஃப்.-இல் அந்தத் தொல்லை பொதுவாக வராது. கூட்டம் நடக்கும் அரங்கின் கணினியிலும் இதே கதை நடக்கும் என்பதால், அன்றைக்கும் ஒரு பி.டி.எஃப். பென் டிரைவில் இருக்கட்டும்.

அனுப்பும் முன் அந்த ஃபைலை உங்களுக்கே ஒரு மெயில் போட்டு, போனில் திறந்து பாருங்கள். பக்கம் பன்னிரண்டா, ஆறாம் பக்கத்தில் சார்ட் தெரிகிறதா, "ஃப்ளோரைடு" என்ற சொல் உடையாமல் இருக்கிறதா, இந்த மூன்றும் போதும். டிரைவ் லிங்க் அனுப்புவதாக இருந்தால் `Anyone with the link` என்று மாற்றிவிட்டு அனுப்புங்கள். இல்லையென்றால் நான் அனுமதி கேட்டு, நீங்கள் அதைப் பார்த்து, கொடுப்பதற்குள் வியாழக்கிழமை வந்துவிடும்.

மெயிலில் "ஒவ்வொரு ஸ்லைடாகப் பாருங்கள்" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் எழுத்துப் பிழையிலிருந்து நிறம் வரை எல்லாம் ஒரே எடையில் வந்து விழும், எதை முதலில் திருத்துவது என்று திணறுவீர்கள். உங்களுக்கே சந்தேகமாக இருக்கும் இரண்டு ஸ்லைடு எண்களைச் சொல்லி, அதில் என்ன சந்தேகம் என்றும் எழுதுங்கள். "6-ஆம் ஸ்லைடைப் பார்த்ததும் எந்த ஊர் மோசம் என்று உடனே தெரிகிறதா?" என்ற மாதிரிக் கேள்விக்குத்தான் உருப்படியான பதில் கிடைக்கும். கைடுக்கும் இதே பி.டி.எஃப்.-ஐ அனுப்பி, இதே கேள்வியைக் கேளுங்கள். முன்பு அனுப்பியதில் தலைப்பு மட்டுமே வந்திருக்கிறது என்பதை நேராகவே சொல்லிவிடலாம், அவர் ஒன்றும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

திங்கட்கிழமைக்குள் வந்தால் செவ்வாய் இரவுக்குள் பதில் எழுதுகிறேன், திருத்த உங்களுக்கு ஒரு நாள் கிடைக்கும். அதற்கு மேல் தாமதமானால் ஆறாவது, ஒன்பதாவது ஸ்லைடு இரண்டை மட்டும் படம் பிடித்து அனுப்புங்கள், அவற்றை மட்டும் பார்க்கிறேன். ஒகேனக்கல் கேள்விக்கான பதிலை எங்கே வைக்கப்போகிறீர்கள் என்பதையும் மெயிலிலேயே குறித்துவிடுங்கள்.